நீலக் கோட்டுக்குள் பச்சைச் சுடிதார்

"சாமி, ரெண்டாவதா ஒரு பொண்ணும் வந்து சூப்பர்வைசர் ரத்தினவேல் மேல அதையே சொல்றா. இவளுக்கு எப்படி நடக்கும்?"

இந்திராணி வந்ததும் வராததுமாக இதைத்தான் கேட்டாள்.

வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் பெண்கள் விடுதிக்கு அவள் வார்டன். வயது ஐம்பத்திரண்டு. ஞாயிறு மதியம் இரண்டு மணி நேரம் லீவு கிடைக்கும். அந்த இரண்டு மணி நேரத்தில், மூடிப்போன கல்குவாரிக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டு இருக்கும் சாமியம்மாவிடம் வந்து உட்காருவாள். ஆறு வருஷமாக அப்படித்தான்.

சாமியம்மா அவளைவிடப் பத்து வயது இளையவள். ஆனால் எவரையும் நீ என்றுதான் பேசுவாள். அதிகமாகப் பேசவும் மாட்டாள்.

முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவள் தலையை நிமிர்த்தவில்லை.

"ஏன் நடக்காது?"

"இவ ஒழுங்கா உடுத்துறவ சாமி. முதல் பொண்ணு சங்கதி வந்ததும் நான் போர்டே எழுதிப் போட்டுட்டேன். காலோட ஒட்டுற பேன்ட் கூடாது. ஷாலுக்கு ரெண்டு பக்கமும் பின் குத்தணும். தலையப் பின்னிதான் போடணும். பவுடர் கூடாது. இந்தச் சகாயமேரி ஒண்ணையும் மீறல."

"சரி."

"அதோட..."

"அதோட?"

இந்திராணிக்குச் சொல்லக் கூச்சமாக இருந்தது.

"அவ பாக்க சுமாராத்தான் இருப்பா. மூஞ்சி பூரா அம்மைத் தழும்பு. ஹெச்.ஆர். மேடம் கேட்டதும் சிரிச்சுட்டாங்க. 'ரத்தினவேலுக்கு வேற ஆளா கிடைக்கல'ன்னு."

"நீ?"

"நானும் கொஞ்சம் சிரிச்சுட்டேன் சாமி."

கீரைக் காம்பு ஒன்று ஒடிந்தது.

"முதல் பொண்ணு எப்படி இருப்பா?"

"முனீஸ்வரியா? லட்சணமான பொண்ணு. அதனாலதான் அவளுக்கு அப்படி ஆச்சுன்னு புகாரை விசாரிச்ச எங்க கமிட்டியில முடிவாச்சு."

"அவ அழகு. அதனால நடந்துச்சு. இவ அழகில்ல. அதனால நடந்திருக்காது."

கமிட்டி அறையில் இந்திராணிக்கு அது சரியாகத்தான் பட்டது. இங்கே இன்னொருத்தி வாயால் கேட்கும்போது வேறு மாதிரி இருந்தது.

"அன்னைக்கு முனீஸ்வரி என்ன போட்டிருந்தா?"

இதற்கு இந்திராணி யோசிக்கவே வேண்டியதில்லை.

"கிளிப்பச்சைச் சுடிதார். கை முட்டி வரைக்கும்தான். காலோட ஒட்டுற வெள்ளை பேன்ட். ஷால் இருந்துச்சு, ஆனா மெல்லிசு. மினிட் புக்கிலயே எழுதியிருக்கு."

"யார் சொன்னது?"

"அவளேதான். கேட்டோம், சொன்னா."

"அவன்கிட்ட கேட்டீங்களா?"

"என்னன்னு?"

"அவ என்ன போட்டிருந்தான்னு."

"அவன்கிட்ட போய் அதை எப்படிச் சாமி கேக்கிறது?"

"அதைப் பாத்துத்தானே அவனுக்குப் புத்தி கெட்டுச்சு? அப்ப அவனுக்குத்தானே நல்லா ஞாபகம் இருக்கும்."

சாமியம்மா முறத்தை நகர்த்தி வைத்தாள்.

"போய்க் கேட்டுட்டு வா. என்ன நிறம்னு மட்டும் கேளு."

•

மறுநாள் டீ இடைவேளையில் இந்திராணி ரத்தினவேலைப் பார்த்தாள்.

கேன்டீன் ஓரத்தில் தனியாக உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தான். ஸ்பின்னிங் பிரிவின் சூப்பர்வைசர். நாற்பது வயது. இரண்டு பிள்ளைகள். அவளைக் கண்டதும் எழுந்து நின்றான். மரியாதை தெரிந்தவன் என்று மில்லில் அவனுக்குப் பெயர்.

"வாங்கக்கா. உக்காருங்க. உங்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கேன். போன தடவை நீங்க இல்லைன்னா என் மானம் போயிருக்கும்."

அவள் உட்காரவில்லை.

"ஒண்ணு கேக்கணும். முனீஸ்வரி அன்னைக்கு என்ன கலர் போட்டிருந்தா?"

அவன் வடையைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தான். பொய் சொல்கிறவன் முகம் இல்லை அது. நிஜமாகவே யோசித்தான்.

"கலரா? நீலந்தான்."

"நீலமா?"

"கோட்டைச் சொன்னேன் அக்கா. எல்லாரும் நீலக் கோட்டுதானே? தலையில தொப்பி, மூக்குல துணி. உள்ள எவ என்ன போட்டிருக்கான்னு நம்ம எங்க பாக்கிறோம்?"

இந்திராணிக்கு அந்தக் கோட்டு தெரியும்.

கழுத்திலிருந்து முழங்கால் வரைக்கும் வரும் கோட்டு. பஞ்சுத் தூசிக்காகவும், மெஷினில் துணி சிக்கக்கூடாது என்பதற்காகவும் கொடுப்பது. ஷிப்டுக்குள் போகிற இருநூறு பெண்களுக்கும் அதை அளவு பார்த்துக் கொடுப்பது அவள்தான். முனீஸ்வரிக்கும் அவள்தான் கொடுத்தாள். கேட்டவர்கள் உடுப்பைக் கேட்டார்கள், அந்தப் பிள்ளையும் உள்ளே போட்டிருந்ததைச் சொன்னது. நான்கு பேர் உட்கார்ந்து அந்தப் பச்சையைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார்கள்.

அந்தப் பச்சையை அன்றைக்கு யாருமே பார்த்திருக்கவில்லை.

"அப்ப அவளை மட்டும் ஏன் கோன் ரூமுக்கு நூல்கோன் எண்ண அனுப்புன?"

ரத்தினவேல் சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு நம்மவள்தானே என்ற தைரியத்தில் குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, நான் ஒண்ணும் பண்ணலை. அது முடிஞ்சுபோன விஷயம். அந்தப் பிள்ளைக்கு அப்பன் கிடையாது, அண்ணன் தம்பி கிடையாது. ராமநாதபுரத்துல எங்கயோ காட்டுக்குள்ள ஊரு. ஆத்தா கருவேலங்கட்டையை எரிச்சுக் கரிமூட்டம் போடுறவ. போன் அடிச்சாக்கூட வர மூணு பஸ் மாறணும். இப்படி ஆளுக வேலைய விட்டுப் போறதுக்குச் சும்மா எதையாவது சொல்லுவாளுக."

"சகாயமேரி?"

"அவளும் அநாதை இல்லத்துல வளந்தவதானே. அவ சொன்னா யாரு அக்கா நம்பப் போறா, அந்த மூஞ்சிக்கு?"

அதைச் சொல்லிவிட்டு மிச்ச வடையை வாயில் போட்டுக்கொண்டான்.

•

அடுத்த ஞாயிறு வரை அவளால் பொறுக்க முடியவில்லை. புதன்கிழமை அரைநாள் லீவு சொல்லிவிட்டுக் கொட்டகைக்கு வந்தாள்.

கேட்டதை எல்லாம் சொன்னாள். சாமியம்மா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பொங்கலுக்கு முதலாளி மக வந்துச்சு சாமி. கையில்லாத சட்டை, முட்டி தெரியிற பேன்ட்டு. இந்த ரத்தினவேல்தான் மில்லைச் சுத்திக் காட்டினான். கோன் ரூமுக்குள்ளயும் கூட்டிட்டுப் போனான். ரெண்டு கையையும் முன்னாடி கட்டிக்கிட்டு ஒரு அடி தள்ளியே நின்னான். வெயில் பட்டா குடை பிடிச்சான்."

"கையைக் கட்டத் தெரியுது."

"தெரியுது சாமி."

"அப்ப அவன் எதைப் பாத்தான்?"

இந்திராணி சொன்னாள்.

"கேக்க ஆளில்லாததைப் பாத்தான்."

"அவளுக்கா ஆளில்ல? பக்கத்துலயே விடுதி. விடுதிக்கு வார்டன் நீ. பயம் ஏன் இல்லாம போச்சு அவனுக்கு?"

பதில் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"நான் அவகிட்டதான் கேப்பேன்னு அவனுக்குத் தெரியும்."

வெளியே குவாரிப் பள்ளத்தில் யாரோ ஆடுகளை விரட்டிக்கொண்டு போனார்கள்.

"அந்தக் கேள்விய ஏன் கேட்ட, இந்திராணி? மத்தவங்கள விடு. நீ ஏன் கேட்ட?"

"எல்லாரும் கேட்டாங்க."

"நீ ஏன் கேட்ட?"

"எனக்கு ஒரு பொண்ணு இருக்கா சாமி. ஓசூர்ல கம்பெனிக்குப் போறா."

"ம்."

"அவ ஒழுங்கா உடுத்துவா. தலை குனிஞ்சு போய்ட்டு வருவா. முனீஸ்வரிகிட்ட எதாவது ஒரு குத்தம் இருந்துட்டா, என் பொண்ணுக்கு வராதுன்னு..."

அதற்கு மேல் முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்து அழுதாள்.

சாமியம்மா தேற்றவில்லை. எழுந்து போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

"கமிட்டி என்னைக்கு?"

"வெள்ளிக்கிழமை."

"போ."

•

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் கமிட்டி கூடியது. ஹெச்.ஆர். மேடம், ஆபீஸ் கிளார்க் ஒருவர், வெளியிலிருந்து வந்த வக்கீல், இந்திராணி.

சகாயமேரி ஓரத்து நாற்காலியில் நுனியில் உட்கார்ந்திருந்தாள். பத்தொன்பது வயது. ஷாலின் இரண்டு பக்கமும் பின் குத்தியிருந்தாள்.

நடந்ததை அவள் சொன்னாள். முதலில் ரத்தினவேல் ஷிப்டை மாற்றிக் கொடுத்தான், நல்லவன் மாதிரி. தோழிகள் ஒரு ஷிப்டு, இவள் ஒரு ஷிப்டு என்று ஆனது. பிறகு கோன் எண்ணிக்கை சரியில்லை என்று தினமும் அவளை மட்டும் கோன் ரூமுக்குக் கூப்பிட்டான். முதல் வாரம் வாசலை மறித்துக்கொண்டு நின்று பேசினான். இரண்டாவது வாரம் தோளைத் தொட்டான், தூசி என்றான். மூன்றாவது வாரம் கதவைச் சாத்தினான்.

அதற்கு மேல் அவள் சொன்னதை ஹெச்.ஆர். மேடம் இரண்டு முறை சொல்லச் சொன்னாள்.

வக்கீல் கேட்டார்.

"நீ என்ன டிரஸ்மா போட்டிருந்தே?"

"கோட்டு சார்," என்றாள் இந்திராணி.

"அவங்க சொல்லட்டும்."

"கோட்டுதான் சார். முனீஸ்வரியும் கோட்டுதான் போட்டிருந்தா. நாம அதை எழுதல. நான் தச்சு வாங்கிக் கொடுத்த கோட்டு. தப்பு கோட்டுலன்னா என்னைக் கேளுங்க."

வக்கீல் தலையைக் குனிந்து எதையோ எழுதிக்கொண்டார். இதோ புரிந்துவிட்டது என்று இந்திராணி நினைத்தாள்.

"பட்டன் போட்டிருந்தியாமா?" என்றார் கிளார்க்.

"போட்டிருந்தேன் சார்."

"சரி, அவர் கூப்பிட்டா உடனே போயிடறதா? தனியா?" வக்கீல் கேட்டார்.

"சூப்பர்வைசர் கூப்பிட்டா போகாம இருக்க முடியுமா?" இந்திராணிதான் கேட்டாள். "போகலைன்னா மெமோ கொடுப்பீங்க."

"கத்தியிருக்கலாமே?" என்றார் கிளார்க்.

"மெஷின் ஓடுறப்போ பக்கத்துல நிக்கிறவ பேசுறதே காதுல விழாது. சைகையிலதான் பேசிக்குவாங்க. நீங்க உள்ள வந்தே பாத்ததில்லையா சார்?"

"மூணு வாரம் கழிச்சு ஏன் சொல்லணும்? அன்னைக்கே சொல்லியிருந்தா நம்பலாம்," என்றார் வக்கீல்.

"முனீஸ்வரி அன்னைக்கே சொன்னா. நாம என்ன பண்ணோம்?"

ஹெச்.ஆர். மேடம் பேனாவைக் கீழே வைத்தாள்.

"இந்திராணி, நீங்க கமிட்டி மெம்பர். அந்தப் பொண்ணுக்கு வக்கீல் இல்ல."

"அவளை இத்தனை கேள்வி கேட்டோம். அவனைக் கூப்பிட்டு ஒண்ணு கேட்டோமா மேடம்?"

"கேட்டாச்சு. எழுதிக் கொடுத்திருக்கார். அப்படி எதுவும் நடக்கலைன்னு."

அவ்வளவுதான். உடுப்பில் ஒன்றும் கிடைக்கவில்லை என்றதும் பட்டனைத் தேடினார்கள். பட்டனும் சரியாக இருந்ததும் காலைக் கேட்டார்கள், ஏன் நடந்து போனாய் என்று. பிறகு வாயை, பிறகு சொன்ன நாளை. அவளிடம் தேட இன்னும் எவ்வளவோ மிச்சம் இருந்தது. எதை எடுத்துக் கையில் கொடுத்தாலும் அவர்கள் அடுத்ததைக் கேட்பார்கள் என்று இந்திராணிக்குத் தெரிந்தபோது மணி பன்னிரண்டரை.

மூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள். போதிய ஆதாரம் இல்லை. பெண்ணின் பாதுகாப்பு கருதி அவளை வேலையிலிருந்து விடுவிக்கலாம். இனிமேல் கோட்டுகள் ஒரு அளவு பெரிதாகத் தைக்கப்பட வேண்டும்.

இந்திராணி கையெழுத்துப் போடவில்லை. தன் கருத்தை எழுதிச் சேர்க்கவேண்டும் என்று ஒரு தாள் கேட்டாள். கிளார்க் தாளைக் கொடுத்தார். அவள் எழுதினாள். அந்தத் தாள் கோப்பில் சேரவில்லை. திங்கட்கிழமை முதல் கமிட்டியில் அவள் பெயரும் இல்லை.

•

சகாயமேரியை வேனில் ஏற்றிவிட இந்திராணியே கேட் வரை போனாள். ஒரு பை, ஒரு பிளாஸ்டிக் வாளி. வாளிக்குள் செருப்பு.

"அக்கா, ஒண்ணு கேக்கவா?"

"கேளு."

"நான் அழகா இருந்திருந்தா நம்பியிருப்பாங்களா?"

நம்பியிருப்பார்கள். நம்பிவிட்டு உன் அழகைத் திட்டியிருப்பார்கள். இதை எப்படிச் சொல்வது?

"எங்கே போவம்மா இப்ப?"

"இல்லத்துச் சிஸ்டருங்க கொஞ்ச நாள் இருக்கச் சொல்லியிருக்காங்க."

"நம்பர் கொடுத்திருக்கேன்ல. போன் பண்ணு. நான் விடமாட்டேன். கலெக்டர் ஆபீஸ்ல மனு கொடுப்போம்."

சகாயமேரி தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலில் நம்பிக்கை எதுவும் இல்லை. பெரியவர்கள் மனம் நோகக்கூடாது என்று ஆட்டியது.

வேன் போனது. உள்ளே ஷிப்டு மணி அடித்தது. நீலக் கோட்டுப் போட்ட பெண்கள் வரிசையாக உள்ளே போனார்கள். வாசலில் ரத்தினவேல் நின்று ஒவ்வொருத்தியையும் எண்ணிக்கொண்டிருந்தான்.

•

கமுதிக்குத் தெற்கே, கருவேலங்காட்டுக்குள், வேலையை விட்டுப் போன முனீஸ்வரியின் ஊர். மூன்று பஸ். இந்திராணி போய்ச் சேரும்போது சித்திரை வெயில் உச்சியில் நின்றது.

முனீஸ்வரியின் அம்மா கரிமூட்டத்துக்குப் போயிருந்தாள். கதவு சாத்தியிருந்தது.

"முனீஸ்வரி. நான் வார்டன் வந்திருக்கேன்மா."

வெகு நேரம் கழித்துக் கதவு திறந்தது.

அவள் ஸ்வெட்டர் போட்டிருந்தாள். கம்பளி ஸ்வெட்டர், ஆண்கள் போடுவது, கழுத்து வரைக்கும் பட்டன். அதற்கு மேல் ஒரு துண்டு. வேர்வை நெற்றியிலிருந்து கண்ணுக்குள் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கவும் இல்லை. முடியை ஒட்ட வெட்டியிருந்தாள்.

"கழட்டச் சொன்னா அழுவுதுங்க," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "வந்த நாள்ல இருந்து இப்படித்தான். இருந்த சுடிதாரு பூராத்தையும் மூட்டத்துல போட்டு எரிச்சிருச்சு."

இந்திராணி உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தாள். அந்தப் பிள்ளைக்கு எதிரே, மிக அருகில்.

"முனீஸ்வரி, நான் உன்கிட்ட ஒண்ணு சொல்ல வந்தேன். உன் டிரஸ்ல ஒரு தப்பும் இல்லம்மா. அவன் அதைப் பாக்கவே இல்ல. அவனுக்கு நிறம்கூடத் தெரியல. நான் கேட்டேன். நாங்கதான் தப்பு. நான்தான் தப்பு."

முனீஸ்வரி அவளையே பார்த்தாள்.

"டிரஸ் இல்லையா?"

"இல்லம்மா."

"நான் சிரிச்சது?"

"இல்ல."

"எங்கம்மா சொல்லுது, என் கண்ணு ஒரு மாதிரின்னு."

"கண்ணும் இல்ல. உன்கிட்ட எதுவுமே இல்ல. அதேமாதிரி இன்னொரு பொண்ணுக்கும் பண்ணிட்டான். அவ உன்னை மாதிரியே இல்ல."

ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னாள். மூன்று பஸ் மாறி வந்ததே இதற்காகத்தான்.

முனீஸ்வரியின் முகம் வெளுத்தது. ஸ்வெட்டரின் கழுத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப நான் எதை மாத்தினா இனிமே நடக்காதுக்கா?"

•

இந்திராணி அடுத்த ஞாயிறு கொட்டகைக்கு வந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. சொல்லி முடிக்க நெடுநேரம் ஆனது.

"அந்தப் பிள்ளை அதுவரைக்கும் எதையோ பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு சாமி. டிரஸ்தான் காரணம்னா, மாத்திட்டா தப்பிச்சுக்கலாமே. அதையும் நான் பிடுங்கிட்டேன். நிஜத்தைச் சொல்லப் போய், அது கையில ஒண்ணுமே இல்லாம ஆக்கிட்டேன்."

ஆறு வருஷத்தில் சாமியம்மா கண் கலங்கி இந்திராணி பார்த்ததில்லை. இப்போது பார்த்தாள்.

"அவகிட்ட நான் என்ன சொல்லியிருக்கணும்? ஒரு வார்த்தை கொடுங்க சாமி. கொண்டுபோய்ச் சேத்துர்றேன்."

"என்கிட்ட இல்ல."

"உங்ககிட்டயே இல்லைன்னா?"

சாமியம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அவ கேட்டப்ப நீ என்ன பண்ண?"

"பதில் தெரியல. அழுதேன். அவளும் அழுதா. என் மடியில தலைய வச்சுப் படுத்துக்கிட்டா. வேக்காடு தாங்காம அவளே ஸ்வெட்டரோட முதல் பட்டனைக் கழட்டினா."

"அப்புறம்?"

"கடைசி பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சுன்னு வந்துட்டேன்."

சாமியம்மா அவளை உற்றுப் பார்த்தாள்.

"அவளை விட்டுட்டு இங்க ஏன் வந்த?"